அம்மாவின் மருந்து அட்டவணை: கடிகாரத்துக்கு முன் சாப்பாட்டைப் பாருங்கள்

"அம்மாவுக்கு 72 வயது. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் அண்ணன், அண்ணியுடன் இருக்கிறார். சீனி, பிரஷர், தைரொயிட் என்று கிளினிக்கில் ஏழு வகைக் குளிசை தருகிறார்கள். நான் கொழும்பில் வேலை செய்கிறேன். நேரம், அளவு, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, கொடுத்ததும் சரி போட ஒரு கட்டம் என்று அட்டவணை செய்து அனுப்ப நினைக்கிறேன். அண்ணியும் கொழுந்தெடுக்கப் போகிறவர். எப்படிச் செய்தால் குழப்பம் வராது?"

மலையகத்து அரச வைத்தியசாலையொன்றின் மருந்து வழங்கும் பிரிவில் பல வருடங்கள் மருந்தாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஏழு மருந்துகளின் பெயர்களையும் நீங்கள் தரவில்லை. ஆகவே இந்த மூன்று நோய்களும் ஒன்றாக உள்ள முதியவர்களுக்கு எமது கிளினிக்குகளில் வழமையாக எழுதப்படும் ஏழு மருந்துகளை எடுத்து, அவற்றுக்கு ஓர் அட்டவணை அமைத்துக் காட்டுகிறேன். இதிலுள்ள அளவுகள் உதாரணத்துக்கு மட்டுமே. அம்மாவின் கிளினிக் கொப்பியில் வைத்தியர் எழுதியிருப்பதே அவருக்குரிய அளவு. அட்டவணையை அமைக்கும் முறையை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கிளினிக் சென்ற நாளின் பக்கத்தையும், அன்று கொடுத்த மருந்துக் கவர்கள் எல்லாவற்றையும் அண்ணியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டையும் ஒப்பிடுவதிலிருந்து தொடங்குங்கள். கொப்பியில் ஆங்கில எழுத்தில் சுருக்கங்கள் இருக்கும். மேனே என்றால் காலை, நொக்டே என்றால் இரவு, பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். என்றால் மூன்று வேளை. ஏ.சி. என்பது சாப்பாட்டுக்கு முன், பி.சி. என்பது சாப்பாட்டுக்குப் பின். கையெழுத்து விளங்காவிட்டால் ஊகிக்க வேண்டாம். படத்தை எந்த பாமசியில் காட்டினாலும் மருந்தாளர் வாசித்துச் சொல்வார். கொப்பியில் உள்ள ஒரு மருந்துக்குக் கவர் இல்லையென்றால் அது அன்று கையிருப்பில் இல்லாமல் வெளியே வாங்கச் சொல்லப்பட்டதாக இருக்கலாம். கவர் இருந்து கொப்பியில் பெயர் இல்லையென்றால் அது பழைய மருந்தாகவோ தனியார் வைத்தியர் கொடுத்ததாகவோ இருக்கலாம். இந்த இரண்டாவது நிலைமையில்தான் ஒரே மருந்து இரண்டு பெயர்களில் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. உதாரணமாக, லோசார்டன் என்ற பிரஷர் குளிசையை எடுத்துக்கொண்டால், தனியார் பாமசிப் பெட்டியில் கம்பனியின் வியாபாரப் பெயர் பெரிதாகவும், லோசார்டன் என்ற உண்மையான பெயர் அதன் கீழே சிறிதாகவும் இருக்கும். கிளினிக் கவரிலோ லோசார்டன் என்றே இருக்கும். வீட்டிலுள்ளவர்கள் இரண்டு வேறு மருந்துகள் என்று நினைத்து இரண்டையும் கொடுப்பார்கள். எனவே அட்டவணையில் வியாபாரப் பெயரை எழுதாமல் மருந்தின் உண்மையான பெயரை மட்டும் தமிழில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் உடனே கண்ணில் படும்.

இனி நேரங்களுக்கு வருவோம். பெரும்பாலானோர் காலை 8, பகல் 2, இரவு 8 என்று கடிகாரத்தை முதலில் போட்டுவிட்டு மருந்துகளை அதற்குள் அடுக்குகிறார்கள். தோட்டத்து வீட்டில் அது நடக்காது. காலை எட்டு மணிக்கு அண்ணி மலையில் இருப்பார். ஆகவே முதலில் அம்மா எப்போது எழும்புகிறார், முதல் தேத்தண்ணீர் எப்போது, ரொட்டி எப்போது, பகல் சோறு எப்போது, இரவுச் சாப்பாடு எப்போது, அந்தந்த நேரத்தில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உதாரணமாக, அண்ணி காலை ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டுகிறார், ஆறு மணிக்குத் தேத்தண்ணீர், ஆறே முக்காலுக்கு ரொட்டி, ஏழு மணிக்கு அண்ணி வேலைக்குப் போகிறார், பகல் பன்னிரண்டரைக்குச் சாப்பிட வருகிறார், இரவுச் சாப்பாடு ஏழரைக்கு என்று வைத்துக்கொள்வோம். இந்த நாளுக்குள்தான் மருந்துகள் பொருந்த வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரையில் விட்டுக்கொடுக்க முடியாத மருந்துகள் இந்த ஏழில் இரண்டுதான். அவற்றை முதலில் வையுங்கள். ஒன்று தைரொயிட்டுக்கான தைரொக்சின். அது வெறும் வயிற்றில், தண்ணீருடன் மட்டும், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டியது. உணவு கூட இருந்தால் குடல் அதைக் குறைவாகவே உறிஞ்சும். எமது பக்கத்தில் இதைக் கெடுப்பது விடியற்காலைத் தேத்தண்ணீர். கோப்பி இந்த மருந்தின் உறிஞ்சலைக் குறைப்பது ஆய்வுகளில் தெளிவாகக் காணப்பட்டிருக்கிறது. சாயத் தேத்தண்ணீருக்கு அந்தளவு உறுதியான சான்று இல்லை. ஆனால் பால் சேர்ந்தால் அதிலுள்ள கல்சியமும் கூடவே போகிறது என்பதால், எந்தத் தேத்தண்ணீராக இருந்தாலும் தள்ளிவைப்பதே பாதுகாப்பு. எனவே அண்ணி அடுப்பு மூட்டும் ஐந்து மணிக்கே அம்மாவை எழுப்பித் தண்ணீருடன் கொடுத்துவிட்டால், ஆறு மணித் தேத்தண்ணீருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தில் எழும்ப முடியாதவர்களுக்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரமாவது கழித்துப் படுக்கும்போது கொடுக்கும் வழியும் உண்டு. ஆனால் அதைக் கிளினிக் வைத்தியரிடம் சொல்லி மாற்ற வேண்டும். நீங்களாக மாற்ற வேண்டாம்.

மற்றது கிளிக்லசைட். இது இரத்தத்தில் சீனியைக் குறைக்கும் மருந்து. எம்மிடம் சாதாரணமாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்கு முன் கொடுக்கச் சொல்வோம். இதன் ஆபத்து மருந்து உள்ளே போய் சாப்பாடு போகாமல் இருப்பதில்தான். அட்டவணையில் "காலை 6.15" என்று மட்டும் எழுதினால், அன்று மா இல்லாமலோ அடுப்பு பற்றாமலோ ரொட்டி தாமதமானாலும் ஆறேகாலுக்கு மருந்து போய்விடும். ஆகவே அந்த வரியின் சாப்பாட்டுக் கட்டத்தில் "ரொட்டி தயாராகத் தொடங்கிய பிறகு மட்டும். சாப்பிடாவிட்டால் இந்தக் குளிசை இல்லை" என்று முழு வாக்கியமாக, முடிந்தால் சிவப்பில் எழுதுங்கள். சாப்பாட்டு அறிவுறுத்தல் கட்டத்தில் "முன்" என்ற ஒற்றைச் சொல் போதாது. தைரொக்சினுக்கும் முன் என்பார்கள், கிளிக்லசைட்டுக்கும் முன் என்பார்கள், இரண்டும் வேறு. முதலாவது சாப்பாடு இல்லாவிட்டாலும் போகலாம். இரண்டாவது போகக்கூடாது.

வெள்ளிக்கிழமை விரதம், கந்தசஷ்டி விரதம் பிடிக்கும் அம்மாவாக இருந்தால் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். விரத நாளில் காலையில் ஒன்றும் உண்ணாமல், "மருந்தையாவது ஒழுங்காகக் குடிக்க வேண்டும்" என்று கிளிக்லசைட்டை எடுத்துவிட்டுக் கோவிலுக்குப் போய் மயங்கி விழுந்தவர்களை எங்கள் வாட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். விரதம் இருக்கலாமா, இருந்தால் மருந்தை எப்படி மாற்றுவது என்பதை அடுத்த கிளினிக்கிலேயே கேட்டு, பதிலை அட்டவணையின் அடியில் எழுதிவிடுங்கள். சீனி இறங்கினால் வியர்வை, நடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் வரும். எங்கள் குளிரில் காரணமில்லாமல் வியர்த்தால் அதையே எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். நினைவோடு இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, பின்னர் சாப்பாடு கொடுக்க வேண்டும். தெளிந்த பிறகும் அன்றைக்கே வைத்தியரிடம் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த மருந்தின் வேகம் பல மணி நேரம் நீடித்து, சீனி மறுபடியும் இறங்கலாம். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். இந்த நான்கு வரிகளும் அட்டவணையின் பின்பக்கத்தில் இருப்பது நல்லது.

மற்ற ஐந்தும் இணங்கிப் போகக்கூடியவை. சீனிக்கான மற்றக் குளிசையான மெட்ஃபோமின் வயிற்றைப் பிரட்டும் என்பதால் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன், காலையும் இரவும். அஸ்பிரின் சாப்பிட்ட பிறகு. கல்சியம் கார்பனேட்டும் சாப்பாட்டோடு எடுத்தால்தான் நன்றாகச் சேரும். ஆனால் அது தைரொக்சினைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரமாவது இருக்க வேண்டும். இது உறுதியாக அறியப்பட்ட விடயம். இரும்புச்சத்துக் குளிசைக்கும் இதே விதிதான். ஆகவே கல்சியத்தைக் காலையில் வைக்காமல் பகல் சோற்றுக்குத் தள்ளிவிடுகிறோம். லோசார்டனைச் சாப்பாட்டுக்கு முன்னும் கொடுக்கலாம், பின்னும் கொடுக்கலாம். பிரஷர் குளிசையை இரவில் எடுப்பதே நல்லது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். 2022 இல் வெளியான பிரித்தானியாவின் பெரிய ஆய்வொன்று, காலையில் எடுத்தவர்களுக்கும் மாலையில் எடுத்தவர்களுக்கும் இடையே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ வேறுபாடு காணவில்லை. எனவே மறக்காத நேரம் எதுவோ அதுவே சரி. அட்டோவாஸ்டட்டினும் அப்படித்தான். கொழுப்புக் குளிசை இரவில்தான் என்ற பேச்சு சிம்வாஸ்டட்டின் போன்ற, உடலில் குறைந்த நேரமே தங்கும் மருந்துகளிலிருந்து வந்தது. இருந்தாலும் கொப்பியில் நொக்டே என்று எழுதியிருந்தால் இரவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கொப்பிக்கும் அட்டவணைக்கும் வீணான வேறுபாடு எதற்கு?

இப்படி அடுக்கும்போது ஏழு மருந்துகளின் எட்டு வேளைகளும் ஐந்து வரிகளுக்குள் வந்துவிடுகின்றன. முதல் வரி காலை 5.00 மணி, தைரொக்சின் 50 மைக்கிரோகிராம், ஒரு குளிசை, தண்ணீர் மட்டும், ஆறு மணி வரை தேத்தண்ணீர் வேண்டாம். இரண்டாம் வரி காலை 6.15, கிளிக்லசைட் 80 மில்லிகிராம், ஒரு குளிசை, மேலே சொன்ன எச்சரிக்கையுடன். மூன்றாம் வரி காலை 7.00, ரொட்டி சாப்பிட்ட பின், மெட்ஃபோமின் 500 மில்லிகிராம் ஒன்று, லோசார்டன் 50 மில்லிகிராம் ஒன்று. நான்காம் வரி பகல் 1.00, சோறு சாப்பிட்ட பின், அஸ்பிரின் 75 மில்லிகிராம் ஒன்று, கல்சியம் ஒன்று. ஐந்தாம் வரி இரவு 7.45, சாப்பிட்ட பின், மெட்ஃபோமின் ஒன்று, அட்டோவாஸ்டட்டின் 20 மில்லிகிராம் ஒன்று. ஒவ்வொரு வரியின் முன்னாலும் "யார் கொடுப்பது" என்று ஒரு கட்டம் போட்டு, ஐந்துக்கும் அண்ணியின் பெயரை எழுதுங்கள். அண்ணி இல்லாத நாளுக்கு அண்ணனின் பெயரும் கீழே இருக்கட்டும். இரண்டு பேர் பொறுப்பு என்று பொதுவாக விட்டால், ஒருவர் கொடுத்திருப்பார் என்று மற்றவர் நினைப்பதும், இருவருமே கொடுத்துவிடுவதும் நடக்கும்.

அளவுக் கட்டத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் கண்ட பிழைகளில் அதிகமானவை அங்குதான் நடந்தன. அரச வைத்தியசாலைக்கு வரும் மருந்து ஒவ்வொரு மாதமும் ஒரே கம்பனியுடையதாக இருப்பதில்லை, ஒரே மில்லிகிராமிலும் இருப்பதில்லை. இந்த மாதம் லோசார்டன் 50 மில்லிகிராம் குளிசை இல்லாவிட்டால் 25 மில்லிகிராம் குளிசையில் இரண்டாகத் தருவோம். வீட்டில் "பிரஷருக்கு இரண்டு" என்று பழகிவிடுவார்கள். அடுத்த மாதம் 50 வந்ததும் அதிலும் இரண்டு போகும். எழும்பி நிற்கும்போது தலைசுற்றுகிறது என்று அம்மா சொல்லத் தொடங்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் ஒரு தடவை விழுந்தும் இருக்கலாம். ஆகவே அளவுக் கட்டத்தில் "மொத்தம் 50 மில்லிகிராம், இந்த மாதக் கவரில் ஒன்று" என்று இரண்டையும் எழுதுங்கள். அரைக் குளிசை என்றால் "அரை" என்று எழுத்தில் எழுதுங்கள், புள்ளி போட்டு எண்ணில் எழுத வேண்டாம். தைரொக்சினின் மைக்கிரோகிராமையும் சுருக்காமல் முழுச் சொல்லாக எழுதுங்கள், ஏனெனில் மில்லிகிராம் அதைவிட ஆயிரம் மடங்கு. குளிசையின் நிறத்தை அடையாளமாக எழுதுவதை நான் விரும்புவதில்லை. ஏழில் பாதி வெள்ளை வட்டமாகத்தான் இருக்கும், கம்பனி மாறினால் நிறமும் மாறும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு கவரிலும் தடித்த பேனையால் 1 முதல் 7 வரை இலக்கமிட்டு, அதே இலக்கத்தை அட்டவணையிலும் போடுங்கள். அம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாவிட்டாலும் இலக்கம் தெரியும்.

சரி போடும் கட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு ஒரு தாள் போதும். இடப்பக்கத்தில் மேலே சொன்ன ஐந்து வரிகள், வலப்பக்கத்தில் திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு கட்டங்கள். மாதம் முழுவதையும் ஒரு தாளில் நெருக்கினால் குறைந்த வெளிச்சத்தில் பக்கத்து நாளின் கட்டத்தில் சரி விழும். குளிசையைக் கையில் கொடுத்தவுடன் சரி போடக்கூடாது, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் போட வேண்டும். முதியவர்கள் குளிசையை வாங்கி முந்தானையில் முடிந்துவைத்து "பிறகு குடிக்கிறேன்" என்பது வழமை. வேண்டுமென்றே கொடுக்காமல் விட்டால் கட்டத்தை வெறுமையாக விடாமல் பெருக்கல் குறி போட்டு, "வாந்தி", "விரதம்" என்று ஒரு சொல்லில் காரணம் எழுதச் சொல்லுங்கள். அப்போது வெறுங்கட்டத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கும்: கொடுத்தோமா இல்லையா என்று தெரியாது.

அப்படித் தெரியாமல் போனால் என்ன செய்வது என்பதை முன்னரே முடிவு செய்து தாளில் எழுதிவிடுங்கள். இந்த ஏழு மருந்துகளையும் பொறுத்தவரையில், சந்தேகம் இருந்தால் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டு அடுத்த வேளைக்குக் காத்திருப்பதே பாதுகாப்பு. ஒரு வேளை தவறுவதைவிட இரண்டு தடவை போவது, குறிப்பாகக் கிளிக்லசைட்டில், மிகவும் ஆபத்தானது. தைரொக்சின் உடலில் பல நாட்கள் தங்கும் மருந்து என்பதால் ஒரு நாள் விடுபட்டால் பெரிதாக ஒன்றும் நேராது. நிச்சயமாகக் கொடுக்கவில்லை என்று தெரிந்தால், நாளுக்கு ஒரு தடவை எடுக்கும் லோசார்டன், அட்டோவாஸ்டட்டின், அஸ்பிரின் ஆகியவற்றை அடுத்த வேளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போது கொடுக்கலாம், குறைவாக இருந்தால் விட்டுவிடலாம். விடுபட்ட கிளிக்லசைட்டைப் பிற்பாடு ஈடுசெய்யக் கூடாது. எந்த மருந்திலும் இரண்டை ஒன்றாகக் கொடுக்கக் கூடாது. வாந்தியோ வயிற்றோட்டமோ வந்து சாப்பாடு இறங்காத நாளில் மெட்ஃபோமினையும் லோசார்டனையும் தொடர்வதா நிறுத்துவதா என்பதை அன்றைக்கே வைத்தியரிடம் கேட்க வேண்டும், ஏனெனில் உடலில் நீர் வற்றியிருக்கும்போது அவை சிறுநீரகத்துக்குப் பாரமாகலாம்.

தாளில் எல்லாம் சரியாக இருந்தும் சீனியோ பிரஷரோ இறங்கவில்லையென்றால் குளிசைகளை எண்ணிப் பாருங்கள். 60 மெட்ஃபோமின் குளிசைகள் கிடைத்து காலையிலிருந்து தொடங்கினால், பத்தாம் நாள் இரவு கொடுத்து முடிந்ததும் 40 மிஞ்ச வேண்டும். 46 இருந்தால் ஆறு வேளை சரி மட்டும் விழுந்திருக்கிறது. அதற்காக அண்ணியிடம் கோபப்படாதீர்கள். எந்த வேளை என்று கேளுங்கள். அநேகமாக அது ஒரே வேளையாக இருக்கும், அந்த வேளையின் நேரம் வீட்டுக்குப் பொருந்தவில்லை என்பதே காரணமாக இருக்கும். கொழும்பிலிருந்து நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, ஞாயிறு இரவில் அந்த வாரத் தாளின் படத்தையும் கவர்களின் எண்ணிக்கையையும் கேட்டு வாங்குவதுதான்.

கிளினிக் நாளுக்குத் தனியாக ஒரு வரி வேண்டும். அதிகாலை பஸ்ஸில் போய், இரத்தம் எடுத்து, இலக்கம் வரும் வரை காத்திருக்கும் நாள் அது. வெறும் வயிற்றில் சீனி பார்க்க இரத்தம் எடுப்பதாக இருந்தால் கிளிக்லசைட்டையும் காலை மெட்ஃபோமினையும் வீட்டில் கொடுக்காமல், ரொட்டிப் பார்சலோடு பையில் வைத்து, இரத்தம் எடுத்த பின் சாப்பாட்டுடன் கொடுக்க வேண்டும். தைரொயிட் பரிசோதனையும் அன்றே என்றால் தைரொக்சினை எப்போது எடுப்பது என்று முன்னைய கிளினிக்கிலேயே கேட்டு வையுங்கள். வார அட்டவணைத் தாள்களைக் கொப்பிக்குள் மடித்து வைத்து வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். மருந்து எடுத்தும் சீனி குறையவில்லையா, எடுக்காததால் குறையவில்லையா என்பது தெரியாமல் அளவைக் கூட்டுவது எந்த வைத்தியருக்கும் சங்கடமான காரியம்.

மருந்து வாங்கும் ஜன்னலை விட்டு நகருமுன் ஒவ்வொரு கவரையும் அட்டவணையோடு ஒப்பிட்டு, மில்லிகிராமோ எண்ணிக்கையோ மாறியிருந்தால் அங்கேயே மருந்தாளரிடம் கேட்கச் சொல்லுங்கள். பின்னால் வரிசை நீளமாக இருந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது எங்கள் கடமை. மாற்றம் ஏதும் இருந்தால் பழைய தாளில் வெட்டித் திருத்தாமல், அன்று மாலையே திகதி போட்டுப் புதிய தாள் ஒன்றைச் செய்து அனுப்பி, சுவரில் உள்ளதைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். மிஞ்சிய பழைய குளிசைகளும் புதிய கவர்களோடு கலக்காமல் அடுத்த கிளினிக்குக்குப் பையில் போகட்டும்.